பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் நோட்டீஸ்: "ரேகையை சேமிக்க மாட்டோம்"னு போட்டிருக்காங்க, எத வச்சு நம்புறது?

மழைக்காலம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ் போர்டுல நேத்து ஒரு நோட்டீஸ் ஒட்டிருக்காங்க, அடுத்த மாசம் 1ம் தேதில இருந்து கைரேகை அட்டெண்டன்ஸாம், கையெழுத்து ரிஜிஸ்டர் இனி கிடையாதாம். நேரம் பாக்குறதுல எனக்கு பிரச்சனை இல்ல, நான் கேக்குறது நம்ம ரேகை எங்க போகுது, யார் கைல இருக்கும்ங்கறது மட்டும்தான். முக்கியமான பகுதிய அப்படியே டைப் பண்றேன்:

"கைரேகையின் படம் எங்கும் சேமிக்கப்படாது. அதிலிருந்து உருவாக்கப்படும் கணித வடிவம் மட்டுமே குறியாக்கம் செய்து வைக்கப்படும். அதிலிருந்து ரேகையை மீண்டும் உருவாக்க இயலாது. தகவல்கள் மூன்றாம் தரப்பினருக்கு வழங்கப்படாது. பணியிலிருந்து விலகுவோரின் தகவல்கள் உரிய காலத்தில் நீக்கப்படும். அனைவரும் 25ஆம் தேதிக்குள் இரு விரல்களைப் பதிவு செய்து, இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்."

படிக்க நல்லாதான் இருக்கு. ஆனா இதுல எது நெசம், எது சும்மா போட்டதுன்னு எனக்கு பிரிச்சு பாக்க தெரியல. பாஸ்வேர்ட் போனா மாத்திக்கலாம், விரல மாத்த முடியாதே. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்புள்ள:
இதுக்கு ஏன் பயப்படணும் நண்பா, எங்க ஆபீஸ்ல இது ரொம்ப நாளா இருக்கு. நீங்க கேக்க வேண்டியது வேற. பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் கட் பண்ணுவாங்களா, மெஷின் வேலை செய்யலன்னா அன்னிக்கு சம்பளம் என்னாகும், இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. எங்களுக்கு ஒரு தடவ கரண்ட் போய் ஒரு நாள் பூரா பதிவே ஆகல, அத சரி பண்ண மாசக்கடைசி வரைக்கும் ஓட வேண்டியதா போச்சு.

மழைக்காலம்:
அதுவும் கேக்கணும்தான், குறிச்சு வச்சிக்கிறேன். ஆனா என் கேள்வி அது இல்லங்க, டேட்டா பத்தினது.

கோடுமேகோடு:
நான் சாஃப்ட்வேர் ஆள். நோட்டீஸ்ல சொன்னது சரிதான். ரேகைய ஸ்கேன் பண்ணதும் அத ஹேஷ் மாதிரி ஒரு நம்பரா மாத்திடுவாங்க, பாஸ்வேர்ட எப்படி ஹேஷ் பண்ணி வைக்கிறாங்களோ அதே மாதிரி. ஒரு வழிப் பாதை, திருப்பி எடுக்க முடியாது. அந்த டேட்டா லீக் ஆனாலும் எவனுக்கும் பிரயோஜனம் இல்ல, கவலப்படாம கை வைங்க.

சால்டரிங்அயன்:
@கோடுமேகோடு ப்ரோ, படத்த வைக்கிறதில்லங்கறது பெரும்பாலான மெஷின்ல நெசம்தான், ஆனா ஹேஷ் மாதிரின்னு சொன்னது தப்பு. நான் இந்த மெஷின்கள மாட்டுறது, சர்வீஸ் பண்றதுதான் பல வருஷமா பொழப்பு, அதனால கொஞ்சம் நீட்டமாவே சொல்றேன்.

பாஸ்வேர்ட் ஹேஷ் ஏன் வேலை செய்யுதுன்னா நீங்க ஒவ்வொரு தடவையும் அதே எழுத்த அடிக்கிறீங்க, ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மொத்தமா மாறிடும். விரல் அப்படி இல்ல, ஒரே விரல ரெண்டு தடவ வச்சா ரெண்டு தடவையும் கொஞ்சம் திரும்பிருக்கும், அழுத்தம் மாறும், ஈரம் மாறும். அதனால "இது அதேதானா"ன்னு பாக்க முடியாது, "எவ்ளோ கிட்ட இருக்கு"ன்னு மார்க் போட்டுதான் பாக்கணும். அதுக்கு மெஷினுக்கு அசல் டெம்ப்ளேட் கைல இருக்கணும். டெம்ப்ளேட்னா என்னன்னா ரேகைக் கோடு எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுது, எந்தக் கோணத்துல திரும்பிருக்குங்கற புள்ளிகளோட பட்டியல், ஒரு விரலுக்கு சில டஜன் புள்ளி இருக்கும், அவ்ளோதான். வைக்கும்போது குறியாக்கம் பண்ணி வச்சாலும், ஒப்பிடுற நேரத்துல அத பிரிச்சே ஆகணும். அப்போ அத பிரிக்கிற சாவி எங்கயோ இருக்கு. சாவி யார்கிட்ட இருக்குன்னு நோட்டீஸ் சொல்லவே இல்ல பாருங்க.

"மீண்டும் உருவாக்க இயலாது"ங்கற வரி இன்னும் மோசம். ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட்ல இருக்குற புள்ளிகள மட்டும் வச்சு ரேகைப் படத்த கட்டி எழுப்பலாம்னு 2007லயே ஆய்வாளர்கள் செஞ்சு காட்டிட்டாங்க. அசல் படம் அச்சு அசலா வராது, ஆனா மெஷின ஏமாத்த அது அவசியமும் இல்ல, புள்ளிகள் அதே இடத்துல விழுந்தா போதும். எல்லா கம்பெனியும் ஸ்டாண்டர்ட் வடிவத்துல வைக்கிறதில்ல, சொந்த வடிவம் வச்சிருக்காங்க, அதனால வேலை கஷ்டமாகும். கஷ்டம்னு எழுதலாம், இயலாதுன்னு எழுதக் கூடாது.

கோடுமேகோடு:
சரி, ஹேஷ்னு சொன்னத விட்ருங்க. ஆனா நடைமுறைல பாருங்க, ஒரு அட்டெண்டன்ஸ் மெஷின்ல இருந்து டெம்ப்ளேட்ட திருடி, படமாக்கி, அதுல போலி விரல் செஞ்சு யார் வருவா? ஆபத்த பெருசாக்குறோம்னு தோணுது.

சால்டரிங்அயன்:
ஒருத்தர குறி வச்சு வர்றது அரிதுதான், அத ஒத்துக்கிறேன். மொத்தமா போறதுதான் நடக்குது. 2015ல அமெரிக்க அரசு ஊழியர்களோட பணியாளர் அலுவலகத்துல டேட்டா திருட்டு நடந்துச்சு, மொதல்ல 11 லட்சம் பேரோட கைரேகை போச்சுன்னாங்க, கொஞ்ச மாசம் கழிச்சு 56 லட்சம்னு திருத்தினாங்க. அவங்கவங்க கைல என்ன இருக்கு, எங்க இருக்குன்னே அவங்களுக்கு மொதல்ல சரியா தெரியல. எனக்கு அதுல பயமா படுறது இந்த விஷயம்தான். சின்ன ஆபீஸ்லயும் இதே கதைதான் நடக்குது, செய்தில வராது அவ்ளோதான்.

பட்டறைக்காரன்:
எனக்கு டேட்டா விஷயம் அவ்ளோ தெரியாது, ஆனா என் கத சொல்றேன். லேத்துல வேலை, கூலன்ட்லயே கை ஊறி ஊறி ரேகை தேஞ்சு போச்சு. எங்க மெஷின்ல பத்து விரலும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க, எடுக்கல. அப்புறம் எடுத்துக்கணும்னு மெஷின்ல கண்டிப்பு அளவ கொறச்சாங்க, அதுக்கப்புறம் நான் விரல் வச்சா சில நாள் வேற ஒருத்தர் பேர் வருது, அவருக்கு அட்டெண்டன்ஸ் விழுது, எனக்கு ஆப்சென்ட். நான் ஏமாத்துறேன்னு விசாரணை வேற. மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

சால்டரிங்அயன்:
அண்ணே, உங்க மேல தப்பே இல்ல, அந்த அளவ கொறச்சவங்க மேலதான் தப்பு. வெறும் விரல் மட்டும் வச்சா மெஷின் உங்க ரேகைய உள்ள இருக்குற எல்லாரோட ரேகையோடயும் ஒப்பிடுது. ஒரு ஒப்பீட்டுல தப்பா பொருந்துற வாய்ப்பு லட்சத்துல ஒண்ணுன்னு வச்சுக்கோங்க, 600 பேர், ஆளுக்கு ரெண்டு விரல்னா 1200 ஒப்பீடு, அப்போ ஒரு தடவ விரல் வைக்கும்போதே தப்பான பேர் வர்ற வாய்ப்பு நூத்துக்கு ஒண்ண தாண்டிடுது. கண்டிப்ப கொறச்சா இன்னும் ஏறும். மொதல்ல ஐடி நம்பர அடிச்சிட்டு அப்புறம் விரல் வைக்கிற மாதிரி மாத்த சொல்லுங்க, அப்போ உங்க ரேகையோட மட்டும்தான் ஒப்பிடும், வேற பேர் வரவே வராது. ரேகை சுத்தமா எடுக்கலன்னா கார்டு கேளுங்க.

பட்டறைக்காரன்:
கார்டு கேட்டேன் தம்பி, ஒருத்தருக்கு மட்டும் தனியா தர முடியாதுன்னுட்டாங்க. ஐடி நம்பர் விஷயம் நாளைக்கு பேசிப் பாக்குறேன்.

எச்ஆர்மேசை:
நான் எச்ஆர்ல இருக்கேன், இந்த மாதிரி நோட்டீஸ் நானே எழுதிருக்கேன், அதனால அந்தப் பக்கத்து நிலைமையையும் சொல்லிடுறேன். வென்டர் ஒரு பேப்பர் தருவாங்க, அதுல இருக்குறதத்தான் நாங்க மொழி மாத்தி ஒட்டுறோம். உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கும் யாரும் சொல்றதில்ல. கெட்ட எண்ணம் எதுவும் இருக்காதுங்க. ஆனா ஒரு விஷயத்துல பட்டறைக்காரன் அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம், மாற்று வழி இல்லாம ஒப்புதல் படிவம் வாங்குறது சரியில்ல. 2024 பிப்ரவரில பிரிட்டன்ல தகவல் ஆணையர் அலுவலகம் செர்கோ லெஷர்ங்கற நிறுவனத்துக்கு உத்தரவு போட்டாங்க, 38 இடத்துல 2000 பேருக்கு மேல முகமும் ரேகையும் வச்சு அட்டெண்டன்ஸ் எடுத்தத நிறுத்த சொல்லி. வேற வழி இருக்குன்னு ஊழியர்களுக்கு முறையா சொல்லவே இல்ல, முதலாளி கேக்கும்போது வேலைல இருக்குறவங்களால வேணாம்னு சொல்ல முடியாதுங்கறதுதான் அதுல முக்கிய காரணம். வச்சிருக்கணும்னு சட்டக் கட்டாயம் இல்லாத டேட்டாவ மூணு மாசத்துக்குள்ள அழிக்கவும் சொன்னாங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேற, ஆனா கேள்வி ஒண்ணுதான்.

கணக்குப்புள்ள:
மேடம், அப்போ கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா வேலைய விட்டு அனுப்ப முடியாதா?

எச்ஆர்மேசை:
அப்படி நான் சொல்லல, அது உங்க ஊர் சட்டம், உங்க வேலை ஒப்பந்தம் ரெண்டையும் பாத்துதான் சொல்ல முடியும். போட மாட்டேன்னு முறைச்சுக்கிறதுக்கு பதிலா, கார்டு அல்லது நம்பர் மாதிரி ஒரு வழிய படிவத்துலயே சேக்க சொல்லி எழுத்துல கேளுங்க. எழுத்துல வந்தா எங்களுக்கும் மேல கொண்டு போய் காட்ட ஒரு பிடி இருக்கும்.

மழைக்காலம்:
நன்றி மேடம். சால்டரிங் அண்ணா, "உரிய காலத்தில் நீக்கப்படும்"னு ஒரு வரி இருக்கே, அது நடக்குமா? போன வருஷம் மட்டும் எங்க ஆபீஸ்ல நெறைய பேர் வேலைய விட்டாங்க.

சால்டரிங்அயன்:
அந்த வரிலதான் எனக்கு நம்பிக்கை ரொம்ப கம்மி. நான் கண்ணால பாத்த ஒண்ண சொல்றேன், இடம் பேர் வேணாம்.

ஒரு இடத்துல நாலு மெஷின், எல்லாம் ஒரு சர்வரோட சேந்தது. யாராவது வேலைய விட்டா எச்ஆர் சம்பள சாஃப்ட்வேர்ல "விலகியவர்"னு மாத்துவாங்க. ஆனா சம்பள சாஃப்ட்வேர் வேற, அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர் வேற, ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. அட்டெண்டன்ஸ்ல தனியா போய் அந்த ஆள நீக்கணும், பல பேருக்கு அது செய்யவே இல்ல. சரி, செஞ்சவங்களுக்காவது அழிஞ்சுதான்னு பாத்தேன். நீக்குன்னு அழுத்தினா சர்வர்ல உடனே பேர் போயிடும், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கட்டளை வரிசைல நிக்கும். பின்வாசல் மெஷின் அடிக்கடி நெட்வொர்க்ல இருந்து விழுந்துடும், அந்தக் கட்டளை அதுக்கு போய் சேரவே இல்ல. ஸ்கிரீன்ல பாத்தா ஆள் இல்ல, பின்வாசல் மெஷினுக்குள்ள அவரோட ரேகை அப்படியே இருக்கு.

இதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு சர்வர் பழுதாகி புதுசு போட்டாங்க. புதுசுல ஆள்கள மறுபடி ஏத்த சோம்பப்பட்டு, மெஷின்ல இருந்தே எல்லாரையும் இறக்கினாங்க, அதுவும் அந்த பின்வாசல் மெஷின்ல இருந்து. வேலைய விட்டவங்க எல்லாம் சர்வருக்குள்ள திரும்ப வந்துட்டாங்க, அங்கருந்து நாலு மெஷினுக்கும் ஏறிட்டாங்க. எழுத்துப்படி நீக்கியாச்சு, ஆனா முன்னால ஒரு மெஷின்ல இருந்தது இப்ப நாலுலயும் இருக்கு. யாரும் வேணும்னு செய்யல, அதுதான் எனக்கு வருத்தமே.

நான் அத கண்டுபிடிச்சது பெரிய வித்த எல்லாம் இல்ல. மெஷின் மெனுல சிஸ்டம் தகவல்னு ஒரு பக்கம் இருக்கும், எத்தன ஆள், எத்தன ரேகை உள்ள இருக்குன்னு காட்டும். சம்பளப் பட்டியல்ல 212 பேர், ஆளுக்கு ரெண்டு விரல், அப்போ 424 ரேகைக்கு மேல இருக்க வழியில்ல. மெஷின் காட்டினது 268 ஆள், 530 ரேகை. மிச்சம் 56 பேர் யாருன்னு பட்டியல் எடுத்தா பாதிக்கு மேல வேலைய விட்டவங்க, மத்தது சோதனைக்கு போட்டது, ரெண்டு தடவ பதிவானது. அதனால நீங்க கேக்க வேண்டியது "உரிய காலம்"னா எத்தன நாள், அப்புறம் மாசம் ஒரு தடவ ஒவ்வொரு மெஷின்லயும் அந்த எண்ணிக்கைய சம்பளப் பட்டியலோட ஒப்பிட்டு போர்டுல போடுவீங்களா, இந்த ரெண்டும்தான். எண்ணிக்கை மட்டும்தானே, அதுல யாரோட ரகசியமும் வெளிய போகாது.

கோடுமேகோடு:
இது நல்ல யோசனை, ஒத்துக்கிறேன். பேக்கப் என்னாகும்? சர்வர் பேக்கப்ல பழைய டெம்ப்ளேட் கெடக்குமே, பேக்கப்குள்ள போய் ஒரு ஆள மட்டும் அழிக்க முடியாது.

சால்டரிங்அயன்:
முடியாது. பேக்கப்ப எவ்ளோ நாள் வச்சிருப்பீங்கன்னு ஒரு எல்லை போட்டு, அது தாண்டினதும் பழசு மொத்தமா போற மாதிரி வைக்கலாம். அதுக்குள்ள திருப்பி ஏத்த வேண்டி வந்தா, நீக்கினவங்க பட்டியல தனியா வச்சிருந்து மறுபடி நீக்கணும். அத ஒழுங்கா செய்ற இடம் நான் இன்னும் பாக்கல.

ஆறாம்விரல்:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு, டெம்ப்ளேட்ட அவங்கவங்க கார்டுலயே வச்சிட்டா? எங்க லேப்ல அப்படித்தான். கார்ட காட்டி விரல் வச்சா, கார்டுல இருக்குறதோட மட்டும் ஒப்பிட்டு கதவு திறக்கும். சர்வர்ல ரேகை கிடையாது, வேலைய விட்டா கார்ட வாங்கி அழிச்சிடுவாங்க.

சால்டரிங்அயன்:
என்னக் கேட்டா அதுதான் நல்ல வழி. கார்ட மறந்துட்டு வந்தா என்ன, தொலைச்சா மறுபடி பதிவுங்கற தொல்லை இருக்கு, எல்லா மெஷின்லயும் அந்த வசதியும் கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி கேட்டா வாங்கலாம், வாங்கி மாட்டின பின்னாடி கஷ்டம். மழைக்காலம், உங்க மெஷின் மாட்டியாச்சா?

மழைக்காலம்:
மாட்டியாச்சுண்ணா, வாசல்ல ஒண்ணு, மேல மாடில ஒண்ணு. இன்னும் யாரும் விரல் வைக்கல, பதிவு திங்கக்கிழமைதான் ஆரம்பம். நாளைக்கு எச்ஆர்கிட்ட பேசிட்டு அந்த சிஸ்டம் தகவல் பக்கத்த காட்ட சொல்லிக் கேக்குறேன். பூஜ்யம் இருக்கணும்ல?

சால்டரிங்அயன்:
பூஜ்யம்தான் இருக்கணும். எச்ஆர் முன்னாடியே பாருங்க, தனியா போய் மெனுவ தொடாதீங்க. இன்னொண்ணு, அட்மின் யாரையும் பதியாத மெஷின்ல பல மாடல்ல யார் மெனு பட்டன அமுக்கினாலும் உள்ள போயிடலாம், பென்டிரைவ் சொருகி மொத்த டெம்ப்ளேட்டையும் இறக்கிட்டு போகலாம். அட்மின் போட்டிருக்கான்னும் அப்பவே பாத்துக்கோங்க.

மழைக்காலம்:
பாத்துட்டு வந்தேன், இன்னும் எனக்கு படபடப்பு அடங்கல. எச்ஆர்ல ஒரு அக்கா ரொம்ப பொறுமையா கேட்டுட்டு கூடவே வந்தாங்க. வாசல் மெஷின்ல அட்மின் யாருமே இல்ல, அவங்க பட்டன அமுக்கினதும் மெனு திறந்துடுச்சு. சிஸ்டம் தகவல்ல 37 ஆள், 61 ரேகைன்னு காட்டுது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கூட இன்னும் விரல் வைக்கல! ஆள் பட்டியல பாத்தா பேரோட இருக்கு, ஒருத்தர கூட எங்களுக்கு தெரியாது. மாடில இருக்குறதுல பூஜ்யம்.

ஆறாம்விரல்:
அது வேற எங்கயோ டெமோக்கு போட்ட மெஷின். அல்லது ஒரு இடத்துல கழட்டி உங்களுக்கு மாட்டிருக்காங்க.

சால்டரிங்அயன்:
ஆமா, அப்படித்தான் இருக்கும், கழட்டும்போது அழிக்காம விட்டிருக்காங்க. உங்க நோட்டீஸ்ல "மூன்றாம் தரப்பினருக்கு வழங்கப்படாது"ன்னு இருக்கே, அந்த 37 பேருக்கும் இதே வரிய யாராவது காட்டிருப்பாங்க, இப்போ நீங்கதான் அந்த மூன்றாம் தரப்பு. பட்டியல போட்டோ எடுக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. மெஷின் சீரியல் நம்பர், எண்ணிக்கை, பாத்த தேதி மட்டும் எழுதி எச்ஆர் கையெழுத்தோட வச்சுக்கோங்க. நெட்வொர்க் கேபிள கழட்டிடுங்க, இல்லன்னா இந்த 37 பேரும் உங்க சர்வருக்குள்ள வந்துடுவாங்க.

எச்ஆர்மேசை:
அந்த எச்ஆர்கிட்ட சொல்லுங்க, வென்டருக்கு போன்ல பேசாம மெயில் போட சொல்லி. இந்த மெஷின் முன்னாடி எங்க இருந்துச்சு, அந்த இடத்துக்கு தகவல் சொன்னீங்களா, எங்ககிட்ட இருந்து மெஷின சர்வீசுக்கு எடுத்துட்டு போகும்போது என்ன செய்வீங்கன்னு மூணும் கேக்கணும். பதில் வர்ற வரைக்கும் திங்கக்கிழமை பதிவ தள்ளி வைக்கிறது அவங்களுக்கே நல்லது.

கோடுமேகோடு:
இப்பவே அழிச்சிடுறதுதானே மரியாதை? அடுத்தவங்க ரேகைய ஒரு நாள் கூட வச்சிருக்கக் கூடாது.

சால்டரிங்அயன்:
எனக்கும் அதே அவசரம்தான் ப்ரோ. ஆனா அழிச்சிட்டா வென்டர் "அப்படி ஒண்ணும் இல்லவே இல்ல"ன்னுடுவாங்க, அந்த 37 பேருக்கும் தெரியாமலே போயிடும். கேபிள கழட்டி, மெஷின பூட்டி வச்சிட்டு, வென்டர் ஆள் நேர்ல வந்து பாத்து எழுதிக் கொடுத்ததும் அவர் முன்னாடியே அழிக்கிறது சரின்னு நெனைக்கிறேன். மேடம் என்ன சொல்றீங்க?

எச்ஆர்மேசை:
ரெண்டுலயும் நியாயம் இருக்கு. நான் சட்டப் பிரிவுல கேப்பேன், பல இடத்துல இதுக்கு தெரிவிக்க வேண்டிய கெடு இருக்கும். ஒரு வாரம் வரைக்கும் பூட்டி வைக்கலாம், அதுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு தோணுது.

மழைக்காலம்:
கேபிள கழட்டியாச்சு. மெஷின எச்ஆர் அக்கா அவங்க அலமாரில பூட்டி வச்சிருக்காங்க, வென்டருக்கு மெயில் போயிருக்கு. பதிவு தள்ளிப் போச்சுன்னு இன்னிக்கு சாயங்காலம் வாய்மொழியா சொன்னாங்க, எத்தன நாள்னு சொல்லல. நான் தனியா ஒரு லெட்டர் கொடுத்திருக்கேன், அதுல நாலு கேட்டேன்: நீக்கறதுக்கு நாள் கணக்கு, மாசா மாசம் எண்ணிக்கை போர்டுல, ரேகை வேணாம்ங்கறவங்களுக்கு கார்டு, "மீண்டும் உருவாக்க இயலாது"ங்கற வரிய எடுக்கணும். மூணாவத மட்டும் யோசிக்கிறோம்னாங்க, மத்ததுக்கு வென்டர்கிட்ட கேட்டு சொல்றேன்னாங்க.

பட்டறைக்காரன்:
கார்டு கிடைச்சா எந்த வார்த்தைல எழுதிக் கொடுத்தாங்கன்னு இங்க போடும்மா, நானும் அத அப்படியே காட்டி கேக்குறேன். ஐடி நம்பர் அடிக்கிற விஷயம் பேசினேன், மெஷின்ல அந்த வசதி இருக்கு, ஆனா காலைல வாசல்ல வரிசை நீளும்னு வேணாம்னுட்டாங்க.

சால்டரிங்அயன்:
அண்ணே, எல்லாருக்கும் மாத்த வேணாம். விரல் மட்டும் வச்சா உங்க ரேகைய ஒப்பிடாத மாதிரி உங்க ஒரு ஐடிக்கு மட்டும் மாத்துற வசதி சில மாடல்ல இருக்கு. மாடல் பேர தனியா அனுப்புங்க, உங்களதுல இருக்கான்னு பாத்து சொல்றேன்.